தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது இழப்பீட்டைச் சரியாகப் பெறுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி நில உரிமையாளர்களுக்கான வழிகாட்டி

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு வரும் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக்கப்பட்டது. சென்னை - சேலம் எட்டு வழிச் சாலைக்காக அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகளில் நிலம் குறிக்கப்பட்டது. இவற்றுக்குப் பிறகு இந்த இரு மாவட்டங்களிலும் சாலைக்கு நிலம் எடுப்பது என்ற பேச்சு யாருக்கும் புதிதன்று. ஆனாலும் தன் காட்டிலேயே எல்லைக்கல் நடப்படும்போது எந்த நாளுக்குள் எதைச் செய்ய வேண்டும், பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்பது பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. முதன்முறையாக இதை எதிர்கொள்பவர்களுக்காகத் தேசிய நெடுஞ்சாலைக்கான நில எடுப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, அதிலும் இழப்பீடு நிர்ணயமாகும் கட்டத்தை விரிவாக எழுதுகிறேன். மக்கள் அதிகமாக இழப்பது அந்தக் கட்டத்தில்தான்.

எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்

கையில் அறிவிப்பு கிடைத்தவுடன் அதன் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, சிப்காட் போன்ற தொழிற்பேட்டை என்றால் தொழில் நோக்கங்களுக்கான தமிழ்நாடு நில எடுப்புச் சட்டம் 1997, தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடைமுறையும் தனித்தனிக் காலக்கெடுவும் உண்டு. பக்கத்து ஊரில் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர் சொல்லும் யோசனை உங்கள் சாலை வழக்குக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

நடைமுறைகள் வேறானாலும் இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை இப்போது பெரும்பாலும் ஒன்றுதான். பொதுவான நில எடுப்புச் சட்டமாக 2013இல் வந்த நியாயமான இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கிடும் முறை, 2015 ஜனவரி 1 முதல் தேசிய நெடுஞ்சாலை நில எடுப்புக்கும் பொருந்துகிறது. ஆகவே நிலத்தை எடுக்கும் வழி 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பணத்தைக் கணக்கிடும் வழி 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

3-ஏ அறிவிக்கையும் 21 நாள் கெடுவும்

நிலத்தை எடுக்கும் எண்ணத்தை மத்திய அரசு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஏ பிரிவின்கீழ் அரசிதழில் வெளியிடும். அதன் சுருக்கம் இரண்டு நாளிதழ்களில் வரவேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனித்தனியே தபால் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவருக்குத் தம் ஊர் நிலம் அறிவிக்கையில் வந்திருப்பது பல மாதங்கள் கழித்துத் தெரியவருவது இதனால்தான். ஊரில் நில அளவர்கள் கல் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கிராம நிர்வாக அலுவலரிடமும், நெடுஞ்சாலைக்கான நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் புல எண்ணைச் சொல்லி விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிவிக்கையின் தேதியைத் தனியே குறித்து வையுங்கள். உங்கள் நிலத்தின் சந்தை மதிப்பு இந்தத் தேதியில் இருந்த மதிப்புத்தான். அதன்பின் எத்தனை ஆண்டுகள் கழித்துப் பணம் வந்தாலும் நிலத்தின் விலை அந்த நாளிலேயே நின்றுவிடும். ஆட்சேபணை தெரிவிக்கும் 21 நாளும் இந்த அறிவிக்கை வெளியான நாளிலிருந்தே எண்ணப்படும். உங்களுக்குத் தெரியவந்த நாள் கணக்கில் வராது.

ஆட்சேபணையை 3-சி பிரிவின்கீழ் எழுத்து மூலமாக, அறிவிக்கையில் பெயர் குறிப்பிட்ட தகுதி வாய்ந்த அலுவலரிடம் தரவேண்டும். இந்தப் பொறுப்பில் பொதுவாக மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் ஒருவர் இருப்பார். நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ உங்கள் பேச்சைக் கேட்ட பிறகுதான் அவர் முடிவெடுக்க முடியும். “நிலம் தரமாட்டேன்” என்ற ஒற்றை வரி ஆட்சேபணை ஏற்கப்படுவது அரிது. புல எண்ணின் உட்பிரிவு தவறு, எடுக்கும் பரப்பு புல வரைபடத்தோடு பொருந்தவில்லை, கிணற்றைத் தவிர்த்து எதிர்ப்பக்கம் சில மீட்டர் நகர்த்த இடமிருக்கிறது, மீதி நிலத்துக்கு வண்டிப்பாதை இல்லாமல் போகிறது என்று அளவோடும் வரைபடத்தோடும் எழுதும் ஆட்சேபணைக்கே பயன் உண்டு. ஆட்சேபணை தள்ளுபடியானாலும், கிணறும் பாதையும் இருந்தன என்பதற்கு அது முதல் எழுத்துச் சான்றாக நிற்கும். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த நகல் உதவும்.

3-ஏ கட்டத்தில் நிலம் இன்னும் உங்களுடையதுதான். எட்டு வழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அறிவிக்கைகள் செல்லும் என்று சொன்னது. ஆனால் நிலம் அரசிடம் சேரும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றியது செல்லாது என்பதால் பழைய பதிவுகள் மீட்கப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டையும் அது ஏற்றது. எனவே அறிவிக்கை வந்ததுமே உங்கள் பட்டாவில் மாற்றம் தெரிந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். பட்டா, சிட்டாவை eservices.tn.gov.in தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவது 3-டி அறிவிப்பு. அது அரசிதழில் வெளியான நாளில் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசைச் சேர்ந்துவிடும். 3-ஏ வெளியான ஓராண்டுக்குள் 3-டி வராவிட்டால் பழைய அறிவிக்கை காலாவதியாகிவிடும்; நீதிமன்றத் தடை இருந்த காலம் மட்டும் இந்த ஓராண்டில் சேராது. காலாவதியானால் புதிய 3-ஏ வெளியிட வேண்டும், மதிப்பிடும் நாளும் புதிய நாளுக்கு மாறும். இரண்டு அறிவிக்கைகளின் தேதியையும் எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இழப்பீட்டுத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

முதலில் ஒரு சென்டுக்கு அல்லது ஒரு சதுர மீட்டருக்கு அடிப்படை மதிப்பு ஒன்று நிர்ணயிக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், அக்கம்பக்கத்தில் அதே வகை நிலங்களின் சராசரி விற்பனை விலை மறுபக்கம். இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். சராசரி என்றால் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான எல்லாக் கிரயங்களின் சராசரி அன்று. அந்தக் கிரயங்களை விலை வரிசையில் அடுக்கி, அதிக விலை காட்டிய பாதியை மட்டும் எடுத்து அதன் சராசரியைக் காண வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஊரக நிலமானால் இந்த மதிப்பை ஒரு பெருக்கல் காரணியால் பெருக்குவார்கள். நகர்ப்பகுதிக்கு உள்ள தூரத்தைப் பொறுத்து அது 1 முதல் 2 வரை அமையும். அதனுடன் மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வரும் மொத்தத்துக்குச் சமமான தொகையை, அதாவது நூறு விழுக்காட்டை, ஆறுதல் தொகையாகச் சேர்க்க வேண்டும். இவற்றுக்கு மேல், அறிவிக்கை நாளிலிருந்து, தொகையை முடிவு செய்து பிறப்பிக்கும் ஆணையான தீர்வம் அல்லது உடைமை எடுத்தல், இவற்றில் முந்தியது எதுவோ அதுவரை, நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் இடையில் ஒருவருக்கு 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை நிலம் இருக்கிறது. அதில் 40 சென்ட் சாலைக்குப் போகிறது. வழிகாட்டி மதிப்பு சென்டுக்கு 6,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் அதே வகை நிலத்துக்கு எட்டுக் கிரயங்கள் பதிவாகியுள்ளன: சென்டுக்கு 4,000, 5,000, 5,000, 6,000, 8,000, 9,000, 10,000, 13,000 ரூபாய். எட்டையும் கூட்டிச் சராசரி கண்டால் 7,500 வரும். சட்டம் சொல்லும் முறைப்படி மேல்பாதி நான்கை மட்டும் எடுத்தால் 40,000இல் நான்கில் ஒன்று, அதாவது 10,000 ரூபாய். அடிப்படை மதிப்பு இந்த 10,000தான்.

நாற்பது சென்டுக்கு 4,00,000 ரூபாய். பெருக்கல் காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால் 5,00,000. மாமரங்களுக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குமாக 1,50,000 சேர்ந்தால் 6,50,000. அதே அளவு ஆறுதல் தொகை சேர்ந்து 13,00,000. அறிவிக்கையிலிருந்து தீர்வம் வரை 15 மாதம் ஆனதென்றால் 4,00,000க்கு 12 விழுக்காடு வீதம் 60,000. ஆகமொத்தம் 13,60,000 ரூபாய்.

இப்போது வழிகாட்டி மதிப்பான 6,000 ரூபாயை மட்டும் வைத்து அலுவலகம் கணக்குப் போட்டதாகக் கொள்வோம். நிலத்துக்கு 2,40,000, பெருக்கிய பின் 3,00,000, மரமும் தொட்டியும் சேர்ந்து 4,50,000, ஆறுதல் தொகையுடன் 9,00,000, பன்னிரண்டு விழுக்காட்டுக் கூடுதலாக 36,000. மொத்தம் 9,36,000. இரண்டு கணக்குக்கும் இடையில் 4,24,000 ரூபாய் வேறுபாடு. அடிப்படை மதிப்பில் ஒரு ரூபாய் குறைந்தால், 1.25 காரணியும் ஆறுதல் தொகையும் சேர்ந்து கைக்கு வருவதில் இரண்டரை ரூபாய் குறைகிறது; பன்னிரண்டு விழுக்காட்டுக் கூடுதல் இதற்கு மேல். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை அந்த ஒரு எண்ணின் மேல் செலுத்துங்கள். ஆறுதல் தொகையும் பெருக்கல் காரணியும் சட்டப்படி தாமே வந்து சேரும். அடிப்படை மதிப்பு மட்டும் நீங்கள் காட்டும் பத்திரங்களைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் செய்யும்.

கிரயப் பத்திரங்களைச் சேர்ப்பது

நில எடுப்பு அலுவலகம் உங்கள் கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் நடந்த கிரயங்களை ஓர் அட்டவணையாகத் தயாரிக்கும். விற்பனைப் புள்ளிவிவரம் என்று அதற்குப் பெயர். அதில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே பரப்பு, விலை, ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, ஏன் என்று ஒரு குறிப்பு இருக்கும். “மனையிடம்”, “சிறு பரப்பு”, “உறவினருக்குள் நடந்த விற்பனை”, “மதிப்பு மிகை” போன்ற குறிப்புகளோடு அதிக விலைப் பத்திரங்கள் தள்ளப்பட்டு, மீதமுள்ளவற்றில் ஒன்று மாதிரி நிலமாகத் தேர்வாவது உண்டு. இந்த அட்டவணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். இதைப் படிக்காமல் எழுதும் எந்த மனுவும் இருட்டில் எறியும் கல்தான்.

உங்கள் பங்குக்கு tnreginet.gov.in தளத்தில் அக்கம்பக்கப் புல எண்களைப் போட்டு, அறிவிக்கைக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கான வில்லங்க விவரங்களைப் பாருங்கள். பொருத்தமான கிரயங்களின் சான்றிட்ட நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கலாம். கட்டணம் கட்டினால் அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகலை யார் வேண்டுமானாலும் பெறலாம். அலுவலகம் தள்ளிய பத்திரங்களையும் சேர்த்து வாங்குங்கள். தள்ளியதற்குச் சொன்ன காரணம் சரிதானா என்பதைப் பத்திரத்தைப் படித்தால்தான் அறிய முடியும்.

எந்தப் பத்திரம் நிற்கும், எது நிற்காது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டு மூன்று சென்ட் வீட்டுமனைகளாகப் பிரித்து விற்ற பத்திரத்தில் சென்டுக்கு ஒரு லட்சம் இருக்கலாம். அதைக் கொண்டுவந்து ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு அதே விலை கேட்டால், சாலைக்கும் பொதுவிடத்துக்கும் விட்டது போகக் கழிவு கணக்கிட்டுப் பெரும்பகுதியைக் குறைப்பார்கள். அல்லது பத்திரத்தையே ஒதுக்குவார்கள். மனைப் பத்திரத்தை மட்டும் நம்பாமல், ஐம்பது சென்ட், ஓர் ஏக்கர் என்று விளைநிலமாகவே விற்ற பத்திரங்களைத் தேடுவது பலன் தரும். அதேபோல் கல் நட்ட பிறகு அவசரமாகப் பதிவான உயர்விலைக் கிரயமும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். உண்மை விலையைக் காட்டவில்லை என்று கருதினால் அத்தகைய கிரயத்தை ஒதுக்க அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. முந்தைய நில எடுப்பில் அதே மாவட்டத்தில் கொடுத்த இழப்பீட்டு விலையையும் இந்தச் சராசரியில் சேர்க்கக் கூடாது. “போன திட்டத்துக்கு இவ்வளவுதான் கொடுத்தோம்” என்று சொல்லப்பட்டால் இந்த விதியை எடுத்துக்காட்டுங்கள்.

நமது பகுதியில் அடிக்கடி எழும் இன்னொரு சிக்கல் நிலத்தின் வகை. ஆவணத்தில் புஞ்சை என்றிருக்கும் நிலத்தில் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் அமைத்துத் தக்காளியோ மாவோ விளைந்துகொண்டிருக்கும். அலுவலகம் மானாவாரி நிலத்தின் கிரயங்களோடு அதை ஒப்பிட்டுவிடும். இதைத் தடுக்க மூன்று ஆண்டு அடங்கல் நகல், கிணற்றுக்கான மின் இணைப்பு அட்டை, சொட்டுநீர் மானியம் பெற்றதற்கான கடிதம் ஆகியவற்றை மனுவோடு இணைத்து, “அதே வகை நிலம்” என்பது பாசன வசதியுள்ள நிலத்தையே குறிக்க வேண்டும் என்று வாதிடுங்கள். அடங்கலில் பயிரும் மரமும் ஏறவில்லை என்றால், 3-ஏ வரும்வரை காத்திராமல் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மரம், கிணறு, மீதி நிலம்

மரங்களைத் தோட்டக்கலை அல்லது வனத்துறை அலுவலரும், கட்டடத்தையும் கிணற்றையும் பொறியாளரும் மதிப்பிடுவார்கள். களத்தில் கணக்கெடுக்கும் நாளில் நீங்கள் கட்டாயம் உடனிருங்கள். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாமரத்தின் மதிப்பு அதன் வயதையும் காய்ப்பையும் பொறுத்தது. பத்து ஆண்டுகளாகக் காய்க்கும் பெங்களூரா மரத்தை “மா, 1” என்று மட்டும் எழுதிப் போனால் கன்றுக்கும் காய்க்கும் மரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகம், வயது, அடிமரச் சுற்றளவு, காய்ப்பு இந்த நான்கும் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். தருமபுரிப் பக்கத்துப் புளியமரத்துக்கும் இதே கவனம் வேண்டும். மரத்தைத் தேதியோடு படம் எடுத்து வைப்பதும், அடிமரத்தில் எண் எழுதிவைப்பதும் எளிய பாதுகாப்பு. கிணற்றில் ஆழம், விட்டம், கல்கட்டு எவ்வளவு ஆழம் வரை, மோட்டார், குழாய் ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

எடுத்த நிலத்தைவிட எடுக்காமல் விட்ட நிலத்தில்தான் பலருக்கு நீண்டநாள் நட்டம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் சாலை குறுக்கே சாய்வாகப் போய், ஒரு பக்கம் கிணற்றோடு 65 சென்டும், மறுபக்கம் 15 சென்ட் முக்கோணத் துண்டும் மிஞ்சியதாகக் கொள்வோம். அந்த 15 சென்டுக்கு இனித் தண்ணீர் போகாது, டிராக்டர் திரும்பாது. எடுத்த நிலத்தை மற்ற நிலத்திலிருந்து துண்டாடியதால் வரும் நட்டத்தையும், மீதிச் சொத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்பட்ட பாதிப்பையும், வீடோ தொழிலோ இடம் மாற வேண்டியிருந்தால் அதற்கான செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஜி பிரிவின் 7ஆம் உட்பிரிவு சொல்கிறது. கேட்காமல் இது கிடைப்பதில்லை. புல வரைபடத்தில் சாலையைச் சிவப்புக் கோடாகப் போட்டு, மீதித் துண்டுகளின் பரப்பு, கிணறு இருக்கும் இடம், தண்ணீர் போன வழி ஆகியவற்றைக் காட்டி, அந்தத் துண்டு எவ்வளவு மதிப்பிழந்தது என்று ஒரு தொகையையும் எழுதிக் கேளுங்கள். தொகை எழுதாத கோரிக்கையை அதிகாரியால் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, அப்படியே விட்டுவிடுவார்.

சாலையின் அடியில் பாசனக் குழாய் கொண்டுபோக வழி விடும்படி திட்ட இயக்குநருக்கு இப்போதே எழுதிவிடுங்கள். மண் கொட்டி உயர்த்திய பிறகு அதைச் செய்வது மிகக் கடினம்.

வீடு போய்க் குடும்பம் இடம்பெயர்பவர்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி மறுவாழ்வு உதவியும் உண்டு. ஒருமுறை மறுகுடியமர்வுத் தொகையாக 50,000 ரூபாய், பொருள்களைக் கொண்டுசெல்ல 50,000 ரூபாய், ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகியவை அதில் அடங்கும். வயல் மட்டும் போனவர்களுக்கு இவை எல்லாம் பொருந்தா.

3-ஜி விசாரணையும் குடும்பப் பங்கும்

நிலம் அரசைச் சேர்ந்தபின், இழப்பீடு கோருபவர்கள் வரவேண்டும் என்று மீண்டும் இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வரும். நான் இதுவரை சொன்ன பத்திரம், அடங்கல், வரைபடம் எல்லாம் இந்த விசாரணையில் எழுத்து மனுவோடு கொடுக்கப்பட வேண்டியவை. நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் மிகுதி. ஆனால் பேசியது பதிவாவதில்லை. பின்னால் மேல்முறையீட்டுக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. மனுவின் ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கோரும் விலை, எடுக்கும் பரப்பு, மரம் - கிணறு விவரம், மீதி நிலப் பாதிப்பு என்று நான்கு பத்திகள் போதும். ஒவ்வொரு பத்தியிலும் எந்த ஆவணம் எந்தப் பக்கத்தில் இணைக்கப்பட்டுள்ளது என்று குறிப்பிடுங்கள்.

இங்கே குடும்பச் சிக்கல் ஒன்று தவறாமல் வரும். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருப்பார்கள். சாலை அண்ணன் உழும் பக்கம் மட்டும் போகிறது, ஆனால் கூட்டுப் பட்டாவில் நான்கு பேரும் இரண்டு சகோதரிகளும் உரிமை கொண்டவர்கள். “நிலம் போனது எனக்கு, பணம் எல்லாருக்குமா?” என்று அண்ணன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் பாகப்பிரிவினைக்கு ஆவணம் இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு வந்தால் தகுதி வாய்ந்த அலுவலர் அதை மாவட்ட முதன்மை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தகராறு தீரும்வரை பணம் யார் கைக்கும் வராது. 3-ஏ கட்டத்திலேயே வாரிசுச் சான்று வாங்கி, பங்கு எப்படி என்று எல்லாரும் கையெழுத்திட்ட ஒப்புதலைப் பதிவு செய்துவிடுங்கள். சகோதரிகளின் பங்கை மறைத்து ஒப்புதல் எழுதுவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது முறையும் அன்று, பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டும் வழக்காகவும் மாறும். குத்தகைக்கு உழுபவரோ, நிலத்தின் மேல் கடன் கொடுத்த வங்கியோ இருந்தால் அவர்களும் உரிமை கோரலாம் என்பதால் கடன் நிலுவைக் கடிதத்தையும் தயாராக வையுங்கள்.

தீர்வம் குறைவாக இருந்தால்

அலுவலர் தொகையை முடிவு செய்து பிறப்பிக்கும் ஆணைதான் தீர்வம். அந்தத் தொகை செலுத்தப்பட்ட பிறகு, நிலத்தை ஒப்படைக்க 60 நாள் அறிவிப்பு வரும். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது “தொகை போதாது என்ற எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தீர்வத்தின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் அடிப்படை மதிப்பு எந்தப் பத்திரத்திலிருந்து வந்தது, பெருக்கல் காரணி எவ்வளவு, ஆறுதல் தொகை எதன்மேல் கணக்கிடப்பட்டது, 12 விழுக்காடு எத்தனை நாளுக்கு என்ற நான்கையும் நீங்களே மறுபடி கூட்டிப் பாருங்கள். கணக்குப் பிழைகளும் நேர்வதுண்டு, குறிப்பாக மரத்தின் மதிப்புக்கு ஆறுதல் தொகை சேர்க்காமல் விடுவது.

தொகை ஏற்கத்தக்கதில்லை என்றால் 3-ஜி பிரிவின் 5ஆம் உட்பிரிவுப்படி நடுவரிடம் மனு செய்ய வேண்டும். நடுவரை மத்திய அரசு நியமிக்கிறது. தமிழ்நாட்டில் பொதுவாக மாவட்ட ஆட்சியரே நடுவராக இருக்கிறார். காலம் தாழ்த்தாமல் போங்கள். இந்த மனுவை ஒரு சம்பிரதாயமாகக் கருதிவிடாதீர்கள். நடுவரின் முடிவை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் போகலாம்தான், ஆனால் அது 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் மிகக் குறுகிய வழக்கு. முடிவு கிடைத்த 3 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்குகளில் எழுந்த ஹக்கீம் வழக்கில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 34ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிரத் தானே தொகையை உயர்த்தி மாற்ற முடியாது என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் மட்டும் மாற்றும் அதிகாரம் உண்டு என்று இதைச் சற்றுத் தளர்த்தியது. கணக்குப் பிழை போன்றவை அதில் அடங்கும். ஆனால் புதிய கிரயப் பத்திரங்களைக் கொண்டுவந்து விலையை முதலிலிருந்து நிர்ணயிக்கக் கேட்கும் இடமாக மாவட்ட நீதிமன்றம் இன்றும் இல்லை. சாட்சியமும் பத்திரமும் நடுவர் முன்னிலையிலேயே ஏறிவிட வேண்டும்.

ஆகவே நடுவரிடம் கொடுக்கும் மனுவில் மூன்றைச் சேர்க்கத் தவறாதீர்கள்: மேல்பாதிக் கிரயங்களின் சான்றிட்ட நகல்கள், அலுவலகம் தள்ளிய பத்திரம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பதில், மீதி நிலப் பாதிப்புக்கான வரைபடம். விசாரணை நாளில் வழக்கறிஞர் வராவிட்டாலும் நீங்கள் போய், அன்றைய பதிவில் உங்கள் ஆவணங்கள் குறியிடப்பட்டனவா என்று பாருங்கள். நடுவர் உயர்த்தித் தரும் தொகைக்கு, உடைமை எடுத்த நாளிலிருந்து அது செலுத்தப்படும் நாள்வரை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி தரலாம் என்று 3-எச் பிரிவு சொல்வதால், அந்த வட்டியையும் மனுவின் கோரிக்கைப் பகுதியில் தனி வரியாக எழுதிக் கேட்க வேண்டும்.

1997 முதல் 2014 இறுதிவரை நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்து, ஆறுதல் தொகையும் அதற்கான வட்டியும் இல்லாமல் பணம் வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. தர்செம் சிங் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் அவை உரியவை என்றது. அந்தத் தீர்ப்பு பழைய எடுப்புகளுக்கும் பொருந்தும் என்று 2025 பிப்ரவரியில் மறுபடி உறுதி செய்தது. உங்கள் குடும்பத்தில் அப்படிப் பழைய தீர்வம் ஒன்று பெட்டியில் இருந்தால், அதன் நகலோடும் பணம் பெற்ற ரசீதோடும் நில எடுப்பு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள்.